இரண்டு சுழியா, மூன்று சுழியா: மங்கிய படத்துக்கு விடை எழுதுமுன்

கேள்வி: ஐயா, காசிமேட்டில் என் வீட்டிலேயே மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி நடத்துகிறேன். வர முடியாத நாள்களில் பயிற்சித்தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். நான் நோட்டில் விடை எழுதி, அதைப் படம் எடுத்துத் திருப்பி அனுப்புவேன். பாதிப் படங்கள் மங்கலாக வருகின்றன. போன வாரம் ஓர் எண்ணைத் தவறாகப் படித்து விடை எழுதிவிட்டேன். பையனுக்கு மதிப்பெண் போயிற்று, அவன் அம்மாவுக்கு என் மேல் வருத்தம். எந்தச் சொல்லை ஊகித்து எழுதலாம், எதை எழுதாமல் விட வேண்டும்? விட்டதை எப்படிக் குறித்துச் சொல்வது? அம்மாக்கள் விடியுமுன் மீன் ஏலத்துக்குக் கைப்பேசியோடு கிளம்பிவிடுவார்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் பிள்ளைகளைப் பிடிக்க முடியாது. இரண்டு படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான் 31 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவன். அதில் பாதிக்கு மேல் மிண்ட் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், சின்ன அச்சகம் ஒன்றில் கழிந்தது. ஆடி மாதம் வந்தால் கூழ் வார்க்கும் கோயில்களின் ரசீதுப் புத்தகங்கள் எங்களிடம் குவியும். ஒரு கோயில் குழுவினர் கார்பன் தாளின் மூன்றாம் படியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நன்கொடை ரூ.101 என்று படித்தேன், அப்படியே அச்சாயிற்று. அவர்கள் எழுதியிருந்ததோ 151. நடு எண் மங்கியிருந்தது என்பது அப்போது என் கண்ணில் படவே இல்லை. கோயில் நன்கொடை என்றால் 101 என்று மனம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. கண் அதற்குத் தலையாட்டியது. அத்தனை புத்தகங்களையும் மறுபடி அடித்தோம், என் சம்பளத்தில் பிடித்தம் விழுந்தது.

அதே தாளில் கோயில் இருக்கும் தெருவின் பெயர் முக்கால்வாசி அழிந்திருந்தது. அதைப் பார்த்ததும் நிறுத்தி, ஆள் அனுப்பிக் கேட்டுச் சரியாகப் போட்டேன். கண்ணுக்குத் தெரிந்த மங்கலால் எனக்குக் கேடு வந்ததில்லை. மங்கல் என்றே தோன்றாமல் வழுக்கிக்கொண்டு போன இடங்களில்தான் ஒவ்வொரு முறையும் விழுந்திருக்கிறேன். உங்களுக்கும் போன வாரம் நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே எவ்வளவு மங்கல் என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். அந்த இடத்தில் வேறு எந்தச் சொல் இருக்கக்கூடும், அந்த வேறு சொல் இருந்தால் விடை மாறுமா என்ற இரண்டு கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள். வேறு சொல் எதுவும் பொருந்தாவிட்டால் எழுத்து எவ்வளவு கலங்கியிருந்தாலும் எழுதலாம். வேறு சொல் பொருந்தி, விடையும் மாறும் என்றால், பார்த்தவுடன் படிக்க முடிந்தாலும் அங்கே நிற்க வேண்டும்.

இதைச் செய்ய ஒரு பழக்கம் தேவை. விடை எழுதத் தொடங்குமுன் கேள்விகளை மட்டும் நோட்டில் படி எடுங்கள். கணக்கைப் போடாதீர்கள், அறிவியல் விடையை நினைக்காதீர்கள். வெறும் எழுத்தர்போல, கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள். படிப்பதும் விடை தேடுவதும் சேர்ந்து நடந்தால், விடை நன்றாக வருகிற பக்கமாகக் கண் சாய்ந்துவிடும். கணக்கு வாத்தியார்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்; சுத்தமாக வகுபடும் எண்ணைத்தான் அவர்கள் கண் தேடும்.

இனி உங்கள் முதல் படத்துக்கு வருகிறேன். ஏழாம் வகுப்பு விடுமுறைப் பயிற்சி, மூன்று பாடமும் கலந்த ஒற்றைத் தாள். நடுவில் மடிப்பு, இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தது.

முதலில் கை எந்தப் பக்கம் அசைந்தது என்று கண்டுபிடியுங்கள். அதற்கு முற்றுப்புள்ளிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் படத்தில் முற்றுப்புள்ளி ஒவ்வொன்றும் படுக்கைக் கோடாக இழுபட்டிருக்கிறது. அப்படியானால் கை பக்கவாட்டில் ஆடியிருக்கிறது. பக்கவாட்டு ஆட்டத்தில் அடுத்தடுத்து நிற்கிற சுழிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ண, ன இரண்டையும் நம்பக் கூடாது. எழுத்தின் தலைக்கு மேல் நிற்கும் மெய்ப்புள்ளி ஓரளவு தப்பிவிடும். கை மேலும் கீழுமாக ஆடியிருந்தால் முற்றுப்புள்ளி நிற்கிற கோடாக நீண்டிருக்கும். அப்போது சுழிகள் பிழைத்துக்கொள்ளும், மெய்ப்புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும், க-வும் க்-கும் ஒன்றாகிவிடும். எந்த எழுத்துகளைச் சந்தேகிக்க வேண்டும் என்பதை அந்த முற்றுப்புள்ளியே சொல்லிவிடுகிறது.

அளவையும் ஒருமுறை மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தின் நீளப் பக்கம் 1600 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், தாள் படம் முழுவதையும் நிறைத்திருந்தாலும் ஒரு மில்லிமீட்டருக்கு ஐந்து பிக்சல்தான் கிடைக்கும். இரண்டரை மில்லிமீட்டர் உயர எழுத்துக்குப் பதின்மூன்று பிக்சல். அரை மில்லிமீட்டர் மெய்ப்புள்ளிக்கு இரண்டோ மூன்றோ. பையன் தூரத்தில் நின்று எடுத்து, தாள் படத்தில் பாதிதான் இருக்கிறது என்றால், அந்தப் புள்ளிக்கு ஒரே ஒரு பிக்சல். கைப்பேசியில் எவ்வளவு விரித்துப் பார்த்தாலும் அந்த ஒன்று இரண்டாகாது. கூர்மையாக்கும் செயலிகளும் இருக்கிற ஓரத்தைக் கறுப்பாக்குமே தவிர, போன கோட்டைத் திருப்பிக் கொண்டுவராது. கறுப்பாகத் தெரிவதெல்லாம் சரியாக இருக்கும் என்றும் நம்பிவிட வேண்டாம். சில அலுவலக நகலெடுக்கும் இயந்திரங்கள், ஒன்றுபோல் தோன்றும் எண்களை ஒன்றாகவே எண்ணிச் சேமித்து, 6 இருந்த இடத்தில் அழகான 8-ஐப் போட்டிருந்ததை 2013-இல் ஜெர்மனிக்காரர் ஒருவர் கண்டுபிடித்தார். மங்கல் துளியும் இல்லை. எண்தான் வேறு.

இப்போது கேள்விகள். இரண்டாம் கேள்வியில் "ஒளி" என்ற தொடக்கமும் "கையின்போது" என்ற முடிவும் தெரிகின்றன. நடுவில் நாலைந்து எழுத்துகள் சேறாகக் கிடக்கின்றன. பார்த்தால் தாளிலேயே மோசமான இடம் இதுதான். ஆனால் ஏழாம் வகுப்பு அறிவியலில், தாவரங்கள் வெளியிடும் வாயுவைக் கேட்கும் வாக்கியத்தில், "ஒளி"யில் தொடங்கி அப்படி முடியும் சொல் ஒளிச்சேர்க்கை ஒன்றே. விடை ஆக்சிஜன், குறிப்பு எதுவும் தேவையில்லை. அதே வரியில் நீங்கள் பயப்பட வேண்டிய சொல் "வெளியிடும்". அது "எடுத்துக்கொள்ளும்" என்று இருந்தால் விடை கார்பன் டை ஆக்சைடாகிவிடும். நல்லவேளை, அது தெளிவாக இருக்கிறது. விடையைத் திருப்புகிற கீல் இப்படிச் சிறு சொல்லில்தான் இருக்கும். அல்ல, தவிர, அற்ற, கூடும், குறையும், எண்கள், கழித்தல் குறி, தசமப்புள்ளி, அலகு: படி எடுக்கும்போது இவற்றின் அடியில் பென்சிலால் கோடு போடுங்கள். சேறான பெரிய சொற்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நான்காம் கேள்வியில் அப்படி ஒரு கீல் உண்மையிலேயே கலங்கியிருக்கிறது. "முதுகெலும்" வரை தெரிகிறது, பிறகு "புள்ள" என்றும் "பற்ற" என்றும் படிக்கும்படி ஒரு கறை, பிறகு "விலங்கு எது?" இரண்டும் பொருந்தும், விடை நேர் எதிர். வாக்கியத்தை எத்தனை முறை படித்தாலும் பயனில்லை. ஆனால் கீழே உள்ள தெரிவுகள் தெளிவாக இருக்கின்றன: தவளை, புறா, மண்புழு, சுறா. மூன்றுக்கு முதுகெலும்பு உண்டு, மண்புழுவுக்கு மட்டும் இல்லை. ஒரே விடை கேட்கும் கேள்வி என்றால் அங்கே "முதுகெலும்பற்ற" என்றுதான் இருந்தாக வேண்டும். இது நல்ல ஊகம், ஏனென்றால் சான்று அந்தச் சொல்லுக்கு வெளியே, தெளிவாகத் தெரியும் இடத்திலிருந்து கிடைக்கிறது. தெரிவுகள் தவளை, நத்தை, புறா, மண்புழு என்று இருந்திருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும். விடையை எழுதுங்கள், ஆனால் ஊகித்தது என்ற குறியோடு எழுதுங்கள். கேள்வித்தாள் தயாரித்தவரும் தவறு செய்யக்கூடியவர்தானே.

ஐந்தாம் கேள்விதான் உங்களைக் கவிழ்க்கப் பார்க்கிறது. "ஒரு செவ்வகத்தின் நீளம் 1_ செ.மீ., அகலம் 5 செ.மீ. எனில் அதன் ____ளவு காண்க." மடிப்பு சரியாக அந்தச் சொல்லின் மேல் விழுந்திருக்கிறது. பரப்பளவா, சுற்றளவா? எதைப் போட்டாலும் வாக்கியம் அழகாக நிற்கும். இங்கே எழுத்தின் கால்களைப் பாருங்கள். மடிப்பு எழுத்தின் உடலைத்தான் அடித்திருக்கிறது. வரிக்குக் கீழே இறங்கும் வால்கள் தப்பியிருக்கின்றன. ப கீழே இறங்காத எழுத்து. ற இறங்கும், சு-வும் இறங்கும். "ளவு"க்கு முன்னால் வரிக்குக் கீழே வளைந்து இறங்கும் வால்கள் உங்கள் படத்தில் அடுத்தடுத்து இரண்டு இருக்கின்றன. பரப்பளவு என்றால் அந்த இடத்தில் "ப்ப" நின்றிருக்கும், அடியில் எதுவும் தொங்காது. ஆகவே சுற்றளவு. வாக்கியத்தின் பொருளை நம்பாமல் தாளில் எஞ்சிய மையை நம்பிச் செய்த முடிவு இது. இதற்கும் ஊகக் குறி போடுவேன், ஆனால் மனம் அடித்துக்கொள்ளாது.

அந்த எண் வேறு கதை. எனக்கு அது 13 ஆகவும் தெரிகிறது, 18 ஆகவும் தெரிகிறது. இப்படிப்பட்ட இடத்தில் தெரிந்த எழுத்தைப் பக்கத்தில் வைத்துத் தெரியாததைப் பார்க்க வேண்டும். அதே படத்தில் சந்தேகமே இல்லாத 3 எங்கே இருக்கிறது? மூன்றாம் கேள்வியின் வரிசை எண். சந்தேகமே இல்லாத 8? எட்டாம் கேள்வியின் வரிசை எண். இரண்டையும் அதே அளவுக்கு விரித்துப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டத்தில் மை இழுபட்டு 3-இன் இடப்பக்கத் திறப்பு அடைந்துவிட்டது. உங்கள் படத்தில் நிச்சயமான 3-உம் 8 போலவே இருக்கிறது. தெரிந்த 3-க்கும் தெரிந்த 8-க்குமே வித்தியாசம் தெரியாத படத்தில், தெரியாத எண்ணைப் பற்றி நாம் பேச ஒன்றுமில்லை. 13 என்றால் சுற்றளவு 36 செ.மீ., 18 என்றால் 46 செ.மீ. இரண்டும் முழு எண்கள், ஒன்றுக்கொன்று இளைத்ததில்லை. இங்கே நிற்க வேண்டும்.

ஏழாம் கேள்வி தமிழ்: "பொருள் வேறுபாடு அறிந்து வாக்கியத்தில் அமைக்க." முதல் சொல் "பனி" அல்லது "பணி". மயங்கொலிப் பயிற்சியில் ஊகம் செய்வது எப்போதும் ஆபத்து, ஏனென்றால் அந்த ஓர் எழுத்தைத்தான் கேள்வியே கேட்கிறது. சுற்றிலும் வாக்கியம் இல்லை, தெரிவு இல்லை, இரண்டுமே உயிருள்ள சொற்கள். சுழிகள் கலந்த படத்தில் அகலத்தை வேண்டுமானால் அளந்து பார்க்கலாம். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன-வைவிட அகலம். தாளில் "காண்க" என்ற சொல்லில் உள்ள ண-வைக் காகித ஓரத்தில் பென்சிலால் குறித்து, அதைச் சந்தேக எழுத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நான் பார்த்தேன். மடிப்பின் பக்கத்தில் தாள் வளைந்திருப்பதால் அந்த இடத்தில் எழுத்துகள் எல்லாமே குறுகியிருக்கின்றன. அளவு எந்தப் பக்கமும் உறுதியாகப் பேசவில்லை. இதுவும் நிறுத்த வேண்டிய இடம்தான்.

பத்துக் கேள்வி கொண்ட தாளில், இரண்டு இடத்தில் ஊகக் குறி, இரண்டு இடத்தில் நிறுத்தம். மற்றவை மங்கினாலும் ஆபத்தில்லாதவை. முதலில் படத்தைப் பார்த்தபோது முழுத் தாளையும் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் உங்களுக்கும் தோன்றியிருக்கும்.

குறிப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். "படம் தெளிவில்லை, சரிபார்த்துக்கொள்ளவும்" என்று மேலே ஒரு வரி எழுதி அனுப்புவது குறிப்பே ஆகாது. எங்கே பார்க்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. பையன் பத்து விடையையும் சரிபார்க்கப் போவதில்லை, எதையுமே பார்க்க மாட்டான். பழி நம் மேல் வராமல் இருக்க வேண்டுமானால் அது உதவும், அவ்வளவுதான். குறி அந்தச் சொல்லின் மேலேயே உட்கார வேண்டும்.

ஏட்டுச்சுவடியிலிருந்து பதிப்பித்தவர்கள் இந்தத் துன்பத்தை நம்மைவிட அதிகம் பட்டவர்கள். சுவடியில் மெய்ப்புள்ளி வைக்க மாட்டார்கள். காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். 1894-இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றைத் திறந்து பாருங்கள். கிடைக்காத 267, 268 ஆம் பாட்டுகளின் இடம் காலியாக நிற்கிறது, சிதைந்த அடிகள் புள்ளிகளாக நிற்கின்றன. நிரப்பிவிட அவருக்குப் புலமை இல்லாமலா?

உங்கள் நோட்டுக்கு இரண்டு குறி போதும். ஊகித்துப் படித்த சொல்லைக் கேள்வியோடு சேர்த்து எழுதி, அதைச் சுற்றிக் கட்டம் போடுங்கள். பக்கத்தில் காரணத்தைச் சில சொற்களில் எழுதுங்கள்: "தெரிவுகளைப் பார்த்து ஊகித்தது. தாளில் சரிபார்." விடையும் எழுதலாம். படிக்க முடியாத இடத்துக்கு வெற்றுக் கட்டம், அதன் கீழே விடையே இல்லாமல் ஒரு வரி: "இங்கே நிறுத்து. தாளைப் பார்த்துக் கட்டத்தை நிரப்பி எனக்கு அனுப்பு." கேள்விக்குறி மட்டும் போட்டுவிடாதீர்கள். என் பேத்திக்கு ஒருமுறை அப்படிச் செய்தேன். அவள் என் கேள்விக்குறியையும் அழகாகப் பார்த்தெழுதிப் பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டாள்.

இரண்டு விடையையும் எழுதி "13 என்றால் இது, 18 என்றால் அது" என்று அனுப்பலாமா என்று கேட்பீர்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சரி. ஏழாம் வகுப்பும் அதற்குக் கீழும் வேண்டாம். மேலே இருப்பதை எழுதிவிட்டுத் தூங்கிவிடுவார்கள்.

கேட்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. "அது 13 தானே?" என்று கேட்டால் பையன் "ஆமாம் மிஸ்" என்பான். தாளை எடுக்கவே மாட்டான். 13-ஆ 18-ஆ என்று கேட்டாலும் இரண்டில் ஒன்றைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பான். தாளில் 15 இருந்தால் அது வெளியே வராது. நீங்கள் படித்தவற்றை உங்கள் நோட்டில் மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, அவனிடம் வெறுமையாகக் கேளுங்கள்: "ஐந்தாம் கேள்வியில் நீளம் என்ற சொல்லில் தொடங்கி வரியின் கடைசி வரை அப்படியே எழுதி அனுப்பு." அவன் அனுப்புவது உங்கள் இரண்டில் ஒன்றாக இருந்தால் முடிந்தது. இரண்டிலும் சேராவிட்டால் அவன் வேறு வரியைப் பார்க்கிறான், அல்லது நீங்கள் வேறு எதையோ படித்திருக்கிறீர்கள். அது தெரிவதே லாபம்.

எண்ணைக் குரல் பதிவில் கேட்கலாம், அவசரத்துக்கு அது எளிது. எழுத்தைக் குரலில் கேட்காதீர்கள். நம் பக்கத்தில் பனியும் பணியும் வாயில் ஒரே மாதிரிதான் வரும். வலி, வளி, வழி மூன்றுக்கும் அதே கதி. ஏழாம் கேள்விக்கு இப்படிக் கேளுங்கள்: "முதல் சொல்லின் இரண்டாம் எழுத்தில் எத்தனை சுழி இருக்கிறது என்று எண்ணிச் சொல்." எண்ணச் சொன்னால் பார்த்தே தீர வேண்டும்.

ஒன்பது மணிக் கெடுவுக்காக வேலையின் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். படம் வந்தவுடன் படி எடுப்பதும் கீல்களைச் சோதிப்பதும் முதல் வேலை. ஒரு தாளுக்குப் பத்து நிமிடம் போதும். கேட்க வேண்டியவை எல்லாவற்றையும் ஒரே செய்தியில் அனுப்பிவிட்டு, பிறகு உட்கார்ந்து விடை எழுதுங்கள். விடை எழுதும்போது ஒவ்வொன்றாகச் சந்தேகம் வந்து, பத்தரை மணிக்குக் கேள்வி அனுப்பினால், அந்தக் கைப்பேசி விடியற்காலை ஏலக் கூச்சலுக்கு நடுவில்தான் அதைப் பார்க்கும். அப்போது தாள் வீட்டில் பையில் இருக்கும்.

பதில் வரவே இல்லை என்றால், ஐந்தாம் கேள்விக்கு வழிமுறையை மட்டும் எழுதி அனுப்புங்கள்: சுற்றளவு = 2 × (நீளம் + அகலம்) = 2 × (வெற்றுக் கட்டம் + 5). சுற்றளவு என்ற சொல்லைச் சுற்றி ஊகக் கட்டம். காலையில் பையன் தாளைப் பார்த்து எண்ணைப் போட்டால் மீதி அவன் கையால் முடியும். ஏழாம் கேள்வியை வெறுமையாகவே விடுங்கள்.

மறுபடம் கேட்பதானால் முழுத் தாளையும் கேட்காதீர்கள். மடிப்பை நீவி, தாளைத் தரையில் வைத்து, நேர் மேலிருந்து, ஐந்தாம் கேள்வி மட்டும் படம் முழுவதும் நிறையும்படி எடுக்கச் சொல்லுங்கள். அனுப்பும்போது படமாக அனுப்பாமல், டாக்குமென்ட் என்ற வழியில் அதே கோப்பை இணைத்து அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்காது.

இதற்கெல்லாம் முன்னால் மங்கல் படத்தில் இருக்கிறதா தாளிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். படம் ஆடியிருந்தால் அச்செழுத்துக்குப் பக்கத்தில் பையன் பென்சிலால் எழுதியதும் சேர்ந்து ஆடியிருக்கும். உங்கள் இரண்டாவது படத்தில் அவன் பெயரும் வகுப்பும் பளிச்சென்று இருக்கின்றன, மூன்றாம் வரிக்குக் கீழே அச்சு மட்டும் சாம்பலாகப் போயிருக்கிறது. அது நகலுக்கு நகல் எடுத்த தாள். பையன் எத்தனை முறை எடுத்தாலும் அப்படித்தான் வரும், தாளைக் கையில் வைத்திருக்கிற அவனாலும் படிக்க முடியாது. அவனிடம் கேட்டால் அவனும் ஊகித்துத்தான் சொல்வான். அந்தக் கேள்விகளுக்கு உங்கள் குறிப்பு வேறாக இருக்க வேண்டும்: "தாளிலேயே அச்சு விழவில்லை. வகுப்பில் வேறொருவரின் தாளைப் பார்த்து எழுதி வா." அந்தப் படத்தின் ஆறாம் கேள்விக்கு என்ன விடை என்று கடிதத்தின் கடைசியில் என்னையும் கேட்டிருக்கிறீர்கள். "உப்பு" என்ற ஒரு சொல்லும், அதற்கு முன் இரண்டு இலக்கம்போல ஒன்றும் தெரிகின்றன. எழுதவில்லை.